கதை கேட்கும் நேரம்: விபத்துக்குப் பிந்திய குழந்தை உளச்சிகிச்சையில் நிலைப்படுத்தலும் நடைவேகமும்

நம் தொடக்கப்பள்ளி மொழிப்பாடத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று 'நான் கண்ட சாலை விபத்து'. பெரும்பாலான மாணவர்களுக்கு அது வெறும் கற்பனைப் பயிற்சி. மழை பெய்யும், மோட்டார் சைக்கிள் வழுக்கும், கூட்டம் கூடும், ஆம்புலன்ஸ் வரும், 'சாலை விதிகளை மதிப்போம்' என்று கட்டுரை முடியும். ஆனால், அவ்வகுப்பின் மூன்றாம் வரிசையில், மூன்று மாதங்களுக்கு முன் உண்மையிலேயே ஒரு விபத்தில் சிக்கி மீண்ட குழந்தை அமர்ந்திருந்தால் என்ன செய்வது?

இக்கேள்வியை ஆசிரியர்களிடம் கேட்டால் இருவேறு விடைகள் வரும். 'அந்தக் குழந்தைக்கு வேறு தலைப்புக் கொடுத்துவிடுங்கள். நினைவூட்டக்கூடாது' என்பார் ஒருவர். 'எழுதவிடுங்கள், மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும்' என்பார் மற்றொருவர். இரண்டும் அன்பினால் பிறந்த விடைகள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. நடந்ததைச் சொல்வது குழந்தையைக் குணப்படுத்தும் என்பது உண்மை. தவறான நேரத்தில், தவறான அளவில் சொல்லவைத்தால் அது குழந்தையை வருத்தும் என்பதும் உண்மை. ஆகவே, கதை சொல்லப்படவேண்டுமா என்பதைவிட, எப்போது, எவ்வளவு, யாரிடம் என்பதே முதன்மையான கேள்வியாகிறது. இவ்வுரை அக்கேள்வியையே ஆராய்கிறது.

இதற்குத் துணையாக ஒரு சிறுமியின் நிலையைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்வோம். இவள் தனியொருத்தி அல்லள். சிகிச்சை அறைகளில் அடிக்கடி காணப்படும் கூறுகளைக் கொண்டு விளக்கத்திற்காக உருவாக்கப்பட்டவள். நான்காம் ஆண்டு மாணவி, வயது பத்து. பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வழியே திரும்பும்போது, பக்கத்துத் தடத்தில் சென்ற லோரியின் டயர் வெடித்தது. லோரி அவர்கள் கார்மீது சாய்ந்தது. தந்தைக்குக் கால் முறிந்தது. பின்னிருக்கையில் இருந்த சிறுமிக்குச் சிறு காயங்களே. ஆயினும், கதவு நசுங்கியதால் ஏறத்தாழ அரைமணி நேரம் வெளியே வரமுடியாமல் இருந்தாள்.

முதல் மாதம்: காத்திருத்தலும் ஒரு செயலே

விபத்து நடந்த முதல் சில வாரங்களில் பெரும்பாலான குழந்தைகள் மாறித்தான் இருப்பார்கள். தூக்கம் கெடும், தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவார்கள், சிறு ஒலிக்கும் திடுக்கிடுவார்கள், பொம்மைக் கார்களை மீண்டும் மீண்டும் மோதவிட்டு விளையாடுவார்கள். இவை பெரும்பாலும் தாமே தணியும். இதனால்தான், உளக்காயத்திற்குப் பிந்திய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரை, அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தாலன்றி மருத்துவ உலகம் இடுவதில்லை.

முன்னொரு காலத்தில், பேரிடர் நடந்த சில நாள்களுக்குள் பாதிக்கப்பட்ட அனைவரையும் அமரவைத்து, நடந்ததை விரிவாகச் சொல்லச்செய்யும் வழக்கம் பரவலாக இருந்தது. அது பிற்காலக் கோளாற்றைத் தடுக்கும் என்று நம்பினார்கள். ஆய்வுகள் அந்நம்பிக்கையை உறுதிசெய்யவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, அவ்வழக்கத்தைப் பின்பற்றவேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. முதல் நாள்களில் வேண்டியது வேறு: குழந்தை குடும்பத்தாரோடு இருப்பது, உண்பது, உறங்குவது, அடுத்து என்ன நடக்கும் என்பதை எளிய சொற்களில் கேட்டறிவது. குழந்தை தானே பேசினால் கேட்கலாம், துருவிக் கேட்கக்கூடாது.

அதே வேளையில், காத்திருத்தல் என்பது கைவிடுதல் ஆகாது. ஒரு மாதம் கழிந்தும் தொல்லைகள் குறையாவிட்டாலோ, குழந்தையின் துன்பம் தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தாலோ முறையான மதிப்பீடு வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு எட்டே கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. மொத்த மதிப்பெண் 40. 17 அல்லது அதற்குமேல் வந்தால் விரிவாக ஆராயவேண்டும் என்பது அதன் எல்லைக்கோடு. நம் சிறுமி மூன்றாம் மாதத்தில் 26 பெற்றாள். காரில் ஏற மறுத்தாள். இரவில் தாயின் பக்கத்தில் மட்டுமே உறங்கினாள். வகுப்பில் மேசை இழுபடும் ஒலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் விபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்கு 'அந்த நாள்' என்று பெயர் வந்துவிட்டது.

நினைவு ஏன் ஆறவில்லை?

சாதாரண நினைவு, நாள்பட நாள்படத் தன் இடத்தில் அமர்ந்துவிடும். 'சென்ற ஆண்டு நடந்தது, முடிந்துவிட்டது' என்ற முத்திரை அதன்மேல் இருக்கும். பேரச்சத்தில் பதிந்த நினைவு அவ்வாறு அமர்வதில்லை. அது கதையாக அன்றி, துண்டுகளாகத் தங்குகிறது: பெட்ரோல் வாடை, உலோகம் கிழியும் ஓசை, தந்தையின் முனகல். அவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒத்த தூண்டல் கிடைத்ததும் முழு அச்சமும் இப்போதே நடப்பதுபோல் எழுகிறது. மேசை இழுபடும் ஓசையைக் கேட்டு அச்சிறுமி காதைப் பொத்தியது இதனால்தான்.

இவ்வச்சம் எழுந்ததும் குழந்தை விலகி ஓடுகிறது. ஓடியதும் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே சிக்கலின் வேர். 'ஓடியதால் தப்பினேன்' என்று குழந்தையின் மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் விரைவாக ஓடுகிறது. நினைவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'இது நினைவு மட்டுமே. இப்போது ஆபத்து இல்லை' என்று அறியும் வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை. 'நினைவூட்டாதீர்கள்' என்னும் குடும்பத்தின் அன்பும், தன்னை அறியாமல் இவ்வோட்டத்திற்குத் துணைபோகிறது.

ஆகவே, சிகிச்சையின் மையப்பணி நினைவை அணுகுவதுதான். ஆனால், நீந்தத் தெரியாத குழந்தையை ஆழத்தில் தள்ளி நீச்சல் கற்பிக்க முடியாது. இங்கேதான் நிலைப்படுத்தலும் நடைவேகமும் வருகின்றன.

நிலைப்படுத்தல் என்பது என்ன?

குழந்தைகளுக்கான உளக்காயச் சிகிச்சைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது, அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடித் கோகன், அந்தோனி மன்னரினோ, எஸ்தர் டெப்லிங்கர் ஆகிய மூவரும் உருவாக்கிய உளக்காயம் சார்ந்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சை ஆகும். வழக்கமாக வாரம் ஒருமுறை, 12 முதல் 16 அமர்வுகள் நடைபெறும். அதன் மூன்று கட்டங்கள்: நிலைப்படுத்தல், நினைவை உரைத்தல், ஒருங்கிணைத்தல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலத்தைப் பெறுகிறது. ஒவ்வோர் அமர்விலும் குழந்தைக்கு ஒரு பகுதி, பெற்றோருக்கு ஒரு பகுதி என நேரம் பிரிக்கப்படும்.

நிலைப்படுத்தல் கட்டத்தின் நோக்கம், அச்சம் எழும்போது அதைத் தாங்கவும் தணிக்கவும் குழந்தைக்குக் கைவசம் சில திறன்கள் இருக்கச்செய்வதே. முதலாவது, விளக்கம். 'உனக்கு நேர்வது பைத்தியம் அன்று. பெரிய விபத்துக்குப் பின் பல குழந்தைகளுக்கு இப்படித்தான் இருக்கும்' என்ற ஒரு வாக்கியமே சில குழந்தைகளுக்குப் பெரும் ஆறுதலாகிறது. இரண்டாவது, உடலைத் தணித்தல். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது எளிய முறை. சிறு குழந்தைகள் சோப்புக் குமிழி ஊதியே அதைக் கற்றுக்கொள்வார்கள். ஆயினும், எல்லா முறையும் எல்லாருக்கும் பொருந்தாது. நசுங்கிய காருக்குள் இருந்த நம் சிறுமிக்குக் கண்களை மூடி மூச்சைக் கவனிப்பதே அச்சமூட்டியது. அதனால், கண்களைத் திறந்தவாறே அறையில் காணும் ஐந்து பொருள்களைப் பெயர்சொல்லி, இரு பாதங்களையும் தரையில் அழுத்தும் முறையை அவள் கற்றாள்.

மூன்றாவது, உணர்வுக்குப் பெயரிடுதல். மொழியோடு தொடர்புடைய நாம் இங்குச் சற்று நிற்கவேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் ஒரு மொழி, தோழர்களோடு ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி. ஒரு மொழியில் 'பயம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அறிந்த குழந்தை, தாய் வழங்கும் மொழியில் 'நெஞ்சு படபடக்கிறது', 'வயிற்றைப் பிசைகிறது', 'கை உதறுகிறது' என்று துல்லியமாகச் சொல்லக்கூடும். பாட்டி வீட்டுப் பேச்சில் பதிந்த விபத்தை அந்தப் பேச்சிலேயே சொல்ல அனுமதிப்பது, உணர்வைத் துலக்கமாக அறிய உதவும். பெயரிட்ட உணர்வை அளக்கவும் வேண்டும். வெப்பமானியைப் போல 0 முதல் 10 வரை கோடுகள் வரைந்த ஓர் அட்டையை 'அச்சமானி' என்று வைத்துக்கொள்வோம். 0 என்றால் அமைதி. 10 என்றால் தாங்கமுடியாத அச்சம். இனி வரும் ஒவ்வோர் அடிக்கும் இந்த அட்டையே வழிகாட்டி.

நிலைப்படுத்தல் கட்டத்தில் விபத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று பலர் எண்ணுவது தவறு. படிப்படியான எதிர்கொள்ளல் முதல் அமர்விலேயே தொடங்குகிறது. நம் சிறுமியின் சிகிச்சையாளர் 'அந்த நாள்' என்னும் மறைபெயரைப் பயன்படுத்தவில்லை. 'உங்கள் கார் விபத்து' என்று இயல்பான குரலில் சொன்னார். அச்சமானி 6 காட்டியது. சிறுமி பாதங்களை அழுத்தினாள். மூன்று நிமிடத்தில் 4 ஆயிற்று. சொல்லைக் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவள் பெற்ற முதல் பாடம். இரண்டாம் வாரத்தில் அதே சொல்லுக்கு 3 மட்டுமே. நடைவேகம் என்பது இதுதான்: குழந்தை தாங்கக்கூடிய அளவில் ஒரு சிறிய அடி, அது தணிந்தபின் அடுத்த அடி.

எப்போது முன்னேறலாம்?

அடுத்த கட்டத்திற்குச் செல்லக் குழந்தையின் அறிகுறிகள் எல்லாம் மறைந்திருக்க வேண்டியதில்லை. அவை மறைந்துவிட்டால் சிகிச்சையே வேண்டாம் அல்லவா? சிகிச்சையாளர் பார்ப்பவை வேறு. குழந்தையால் தன் உணர்வை ஓரளவேனும் பெயரிட முடிகிறதா? 6 அல்லது 7க்கு ஏறிய அச்சத்தைச் சில நிமிடங்களில் இறக்கமுடிகிறதா? விபத்து என்ற சொல்லைக் கேட்டு அறையிலேயே இருக்கமுடிகிறதா? பெற்றோருள் ஒருவரேனும் அக்கதையைக் கேட்கும் வலுப்பெற்று வருகிறாரா? இவற்றோடு, குழந்தை இன்று வாழும் சூழல் பாதுகாப்பானதா என்பதும் முதன்மையானது. வீட்டில் இன்னும் வன்முறை நடக்கிறது, அல்லது குழந்தை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்றால், முதற்பணி பாதுகாப்பே; கதை பின்னர்.

ஒரே விபத்தில் சிக்கிய குழந்தைக்கு நான்கு, ஐந்து அமர்வுகளில் இந்நிலை பெரும்பாலும் கைகூடும். ஆண்டுக்கணக்கில் கொடுமைக்கு உள்ளான குழந்தைக்கு மொத்தக் காலத்தில் பாதிவரைகூட நிலைப்படுத்தலுக்குச் செல்லலாம். நம் சிறுமி ஆறாம் அமர்வில் அடுத்த கட்டத்திற்குச் சென்றாள்.

நினைவை உரைத்தல்

கதை ஒரே மூச்சில் கேட்கப்படுவதில்லை. சிறுமியும் சிகிச்சையாளரும் அதை ஒரு சிறு புத்தகமாக எழுதத் திட்டமிட்டார்கள். முதல் அத்தியாயம் 'நான்': அவள் வயது, பிடித்த உணவு, வளர்க்கும் பூனை. இரண்டாவது, பாட்டி வீட்டில் கழித்த விடுமுறை. மூன்றாவது, புறப்பட்ட காலை. நான்காவது, விபத்து. ஐந்தாவது, மருத்துவமனை. ஆறாவது, இன்று. எளியதிலிருந்து கடியதற்குச் செல்லும் இவ்வரிசையே ஒரு நடைவேகம்.

அவள் சொல்ல, சிகிச்சையாளர் எழுதினார். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் அச்சமானி பார்க்கப்பட்டது. அடுத்த அமர்வில் முன்பு எழுதியதைத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டே புதிய பகுதி தொடங்கியது. விபத்து அத்தியாயத்தை முதன்முறை சொன்னபோது 8. அடுத்த வாரம் படித்தபோது 6. மூன்றாம் முறை 3. ஒவ்வோர் அமர்விலும் கடைசிப் பத்து நிமிடங்கள் தணிவதற்கும் விளையாட்டிற்கும் ஒதுக்கப்பட்டன. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது குழந்தையை வீட்டிற்கு அனுப்பக்கூடாது என்பது இக்கட்டத்தின் உறுதியான விதி.

அமர்வின் உள்ளேயும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழிகள் உண்டு. குழந்தை செய்தி வாசிப்பதுபோல் உணர்வின்றி விரைந்து ஓடினால், 'அப்போது என்ன ஓசை கேட்டது? உடம்பில் எங்கே பயம் இருந்தது?' என்று கேட்டு நிறுத்தலாம். அச்சம் மிகுந்தால் கண்களைத் திறந்து, இறந்தகாலத்தில் சொல்லச்செய்யலாம். 'கார் நசுங்குகிறது' என்பதற்கும் 'கார் நசுங்கியது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழாசிரியர் நன்கறிவார். சொல்லமுடியாததை வரையச் சொல்லலாம். 'இன்று இந்த ஒரு வரி மட்டும்' என்று எல்லை குறிக்கலாம்.

எட்டாம் அமர்வில், 'எல்லாவற்றிலும் மோசமான கணம் எது?' என்று சிகிச்சையாளர் கேட்டார். லோரி சாய்ந்த கணத்தையே எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அப்பாவிடம் தண்ணீர்ப் புட்டி கேட்டேன். நான் கேட்காமல் இருந்திருந்தால் அப்பா லோரியைப் பார்த்திருப்பார்."

மூன்று மாதங்களாக அவள் சுமந்தது அச்சத்தை மட்டுமன்று. தந்தையின் கால் முறிந்ததற்குத் தானே காரணம் என்னும் குற்ற உணர்வையும் சுமந்தாள். வீட்டார் காத்த மௌனத்தை, தன்மீதான மனக்குறை என்றே அவள் பொருள்கொண்டிருந்தாள். நிலைப்படுத்தலோடு மட்டும் சிகிச்சை நின்றிருந்தால் இவ்வாக்கியம் வெளிவந்திருக்காது. முதல் வாரத்திலேயே துருவியிருந்தாலும் வெளிவந்திருக்காது. கதையைக் கேட்பதன் உண்மையான பயன் இங்கே தெரிகிறது: குழந்தை நடந்ததற்குத் தானே கற்பித்துக்கொண்ட பொருளைக் காணமுடிகிறது.

குற்ற உணர்வைத் திருத்துதல்

'அது உன் தவறில்லை' என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அச்சொல் பயன்படாது, குழந்தை அதைப் பெரியவர்களின் உபசாரமாகவே கொள்ளும். சிகிச்சையாளர் ஒரு வட்டம் வரைந்து, விபத்திற்குக் காரணமானவற்றைப் பங்கிடச் சொன்னார். தொடக்கத்தில் சிறுமி பாதி வட்டத்தைத் தனக்கே எடுத்துக்கொண்டாள். பிறகு, தேய்ந்த டயருக்கு எவ்வளவு, அதைச் சரிபார்க்காதவருக்கு எவ்வளவு, இரண்டு தடங்களின் நெருக்கத்திற்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது அவள் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. 'உன் தோழி தண்ணீர் கேட்டிருந்தால் அவளிடம் என்ன சொல்வாய்?' என்ற கேள்விக்கு அவளே விடை சொன்னாள்.

ஆயினும், மிச்சமிருந்த சிறு பங்கைத் தந்தை ஒருவரால்தான் நீக்கமுடியும். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து அமரும் அமர்வு இதற்காகவே உள்ளது. அதற்கு முன்பே, சிகிச்சையாளர் தாய்தந்தையருக்குத் தனியே அப்புத்தகத்தைப் படித்துக்காட்டினார். தாய் முதன்முறை அழுதார். இரண்டாம் முறை கேட்டு அமரமுடிந்தது. இவ்வாயத்தம் இன்றியமையாதது. பெற்றோர் குழந்தையின் முன் நிலைகுலைந்தால், 'என் கதை அம்மாவைக் காயப்படுத்துகிறது' என்று குழந்தை கற்றுக்கொண்டு மீண்டும் வாய்மூடும்.

பன்னிரண்டாம் அமர்வில் சிறுமி படித்து முடித்ததும் தந்தை சொன்னார்: "நீ தண்ணீர் கேட்டது எனக்குக் காதில் விழுந்ததம்மா. ஆனால், நான் திரும்பவில்லை. கண்கள் சாலைமேல்தான் இருந்தன. லோரி சாய்ந்தபோது ஒதுங்க இடமில்லை." பெற்றோர் இங்கே பொய் சொல்லக்கூடாது. தந்தை உண்மையில் திரும்பியிருந்தால், 'திரும்பினேன்; அது பெரியவனான என் முடிவு; தண்ணீர் கேட்பது எந்தக் குழந்தையும் செய்வது' என்றே சொல்லியிருக்க வேண்டும். குழந்தைகள் பின்னாளில் உண்மையை அறிவார்கள். அன்று ஆறுதல் முழுவதும் சரிந்துவிடும்.

இதற்கிடையே, ஆறாம் வாரம் முதல் காரில் ஏறும் பயிற்சியும் படிகளாக நடந்தது. நிறுத்திய காரில் கதவைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம், கதவை மூடி, இயந்திரத்தை இயக்கி, வீட்டைச் சுற்றி ஒருமுறை, பள்ளிவரை, இறுதியில் நெடுஞ்சாலையில் ஒரு சிறு பயணம். ஒவ்வொரு படியிலும் அச்சம் பாதியாகக் குறையும்வரை இருந்துவிட்டே இறங்கினாள். உச்சத்தில் இறங்கிவிட்டால், 'ஓடியதால் தப்பினேன்' என்னும் பழைய பாடமே வலுப்பெறும்.

விரைவும் தாமதமும்

இம்முறை இருவகையில் பிழைபடும். முதலாவது, அவசரம். நினைவை அணுகத் தொடங்கியதும் ஒரிரு நாள் தூக்கம் கெடுவதும் எரிச்சல் மிகுவதும் இயல்பே. அவை விரைவில் தணியும். ஆனால், குழந்தை பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் வெறுமையாகி, அழைத்தாலும் கேளாமல் எங்கோ பார்த்தால், அது உணர்விலிருந்து விலகிவிட்டது என்று பொருள். அக்கணமே கதையை நிறுத்தி, பெயர்சொல்லி அழைத்து, அறைக்குள் மீட்டுவர வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நிலைமை மோசமாகவே தொடர்ந்தாலோ, குழந்தை வர மறுத்தாலோ, தன்னைக் காயப்படுத்தும் பேச்சு எழுந்தாலோ, ஒரு படி இறங்கி நிலைப்படுத்தலுக்குத் திரும்பவேண்டும். ஆபத்து இருப்பின் மனநல மருத்துவரை நாடவேண்டும்.

இரண்டாவது, தாமதம். இது கண்ணுக்குத் தெரியாத பிழை. மாதக்கணக்கில் மூச்சுப்பயிற்சியும் ஓவியமும் விளையாட்டுமாக அமர்வுகள் இனிதே நடக்கும். விபத்து மட்டும் அறைக்குள் நுழையாது. 'இன்னும் தயாராகவில்லை' என்ற விளக்கம் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் தயாராகாதவர் சிகிச்சையாளரே. குழந்தையின் அழுகையைக் கண்டு அஞ்சுபவர் அவர்தாம். 'என் கதை இந்தப் பெரியவராலும் தாங்கமுடியாத ஒன்று' என்று குழந்தை முடிவுசெய்கிறது. கடந்த ஐந்து அமர்வுகளில் விபத்து என்ற சொல் ஒருமுறையேனும் ஒலித்ததா என்று எண்ணிப்பார்த்தால் இப்பிழை வெளிப்படும்.

இதனால் தணிக்கும் பயிற்சிகள் வெறும் முன்னுரை என்று கொள்ளவும் கூடாது. 26 டிசம்பர் 2004 ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையின் வடகிழக்கில் முகாம்களில் இருந்த 31 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையைப் படிப்படியாக உரைத்தனர். மற்றொரு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். இரு பிரிவுக்கும் ஆறு அமர்வுகளே. இரு பிரிவினரும் ஒரு மாதத்தில் நன்கு தேறினர். ஆறு மாதம் கழித்தும் அத்தேர்ச்சி நிலைத்தது. இரண்டிற்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. மிகச் சிறிய ஆய்வு இது. சிகிச்சை பெறாத பிரிவும் இதில் இல்லை என்பதால், காலத்தால் தாமே தேறியவர் எத்தனை பேர் என்று சொல்லமுடியாது. எனினும், பேரிடருக்குப் பின்னான தொடக்க வாரங்களில் உடலைத் தணிக்கும் பயிற்சிகளுக்கும் தனி வலிமை இருக்கக்கூடும் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

பதினான்காம் அமர்வில் நம் சிறுமியின் மதிப்பெண் 26இலிருந்து 9ஆகக் குறைந்திருந்தது. லோரியைக் கண்டால் இன்னும் தாயின் கையைப் பற்றுகிறாள். ஆனால் பள்ளிக்குக் காரில் வருகிறாள், தன் அறையில் உறங்குகிறாள். எல்லாக் குழந்தைகளும் இவ்வளவு தேறுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். விபத்தில் உறவினரை இழந்த குழந்தைக்குத் துயரத்திற்கான தனிப்பணி வேண்டும். தலையில் அடிபட்ட குழந்தைக்கு மருத்துவச் சோதனை முதலில் வேண்டும்.

இச்சிகிச்சை ஆசிரியரின் பணி அன்று. பயிற்சி பெற்றவரின் பணி. அதனால் வகுப்பறையில் கதையைத் தூண்டிக் கேட்கவேண்டாம். ஆனால், நிலைப்படுத்தலில் பெரும்பகுதி வகுப்பறையில்தான் நிகழ்கிறது. தீயணைப்பு ஒத்திகை மணி எப்போது ஒலிக்கும் என்று முன்கூட்டியே அச்சிறுமியிடம் சொல்லலாம். கதவருகே உட்கார விரும்பினால் இடம் தரலாம். குழந்தை தானே விபத்தைப் பற்றிச் சொன்னால், பேச்சை மாற்றாமல் இரண்டு நிமிடம் கேட்டு, 'சொன்னதற்கு நன்றி. இதை உன் ஆலோசகரிடமும் சொல்வோமா?' என்று கேட்கலாம். ஒரு மாதத்திற்குப் பின்னும் மாற்றம் நீடித்தால் பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் தெரிவிக்கலாம்.

அந்தக் கட்டுரைத் தலைப்பை என்ன செய்வது? வகுப்புக்கு இரண்டு தலைப்புகள் கொடுத்து, எதை எழுதுவது என்னும் தேர்வை மாணவர்களிடமே விட்டுவிடலாம். அச்சிறுமியை மட்டும் தனியே அழைத்து விலக்கு அளிக்கவேண்டாம். எழுதும்படி வற்புறுத்தவும் வேண்டாம். சிகிச்சைக்கு முன்னர் அவள் மற்றத் தலைப்பையே தேர்ந்திருப்பாள். சிகிச்சை முடிந்த பருவத்தில் அவள் விபத்தைப் பற்றி எழுதக்கூடும், எழுதாமலும் இருக்கலாம். எழுதினால், 'கார் நசுங்கியது' என்று இறந்தகாலத்தில் எழுதுவாள்.